இரட்டைச் சுண்ணாம்பு

பாய்லர் தண்ணீரில் போடும் சோடாப் பொடி தீர்ந்துபோன அன்று எங்கள் சர்க்கரை ஆலையில் யாரும் அழவில்லை. மேலாளர் சொற்பொழிவு ஆற்றினார்.

மேலாளர் பல்தசார் உர்க்கிதி சட்டம் படித்தவர். எங்கள் நாட்டில் சட்டம் படித்தவரை லிசென்சியாதோ என்று அழைக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஊர் தாங்காது. அவர் ஒரு வழக்கிலும் வாதாடியதில்லை. ஆனால் எதிரே யார் நின்றாலும் நீதிபதியிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். பாய்லர் கூடத்து வாசலில் எரிக்க வைத்திருந்த கரும்புச் சக்கைக் குவியலின்மேல் ஏறி நின்றார். வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். நாங்கள் முப்பது பேர் கீழே நின்றோம்.

"சோடா வெளிநாட்டிலேர்ந்து வருது. சுண்ணாம்பு நம்ம மண்ணு. ரெண்டும் வெள்ளைப் பொடிதானே? ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணை ரெண்டு பங்கா போடுங்க. இன்னியிலேர்ந்து இதுதான் இரட்டைச் சுண்ணாம்புத் திட்டம்!"

கைதட்டினார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.

நான் எவாரிஸ்தோ சூனியிகா. இந்த ஆலையில் தண்ணீர் என் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாகக் கிணற்று நீரை மென்னீராக்கி பாய்லருக்கு அனுப்புகிறேன். எங்கள் கிணறு ஜிப்சம் மலையின் அடியில் இருக்கிறது. அந்த நீரில் சோப்புக் கட்டியைத் தேய்த்தால் நுரை வராது, பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாக வரும். எங்கள் ஊர்ப் பெண்கள் துணி துவைக்கும்போது கடவுளைத் திட்டுவதன் காரணம் அதுதான்.

அவர் குவியலைவிட்டு இறங்கியதும் பக்கத்தில் போனேன்.

"லிசென்சியாதோ, ஒரு நிமிஷம். நம்ம தண்ணியில ரெண்டு விதக் கடினம் இருக்கு. ஒண்ணு கொதிக்க வைச்சாலே விழுந்துடும். அதுக்குச் சுண்ணாம்பு போதும். இன்னொண்ணு ஜிப்சமா கரைஞ்சிருக்கு. அதைச் சுண்ணாம்பு தொடவே தொடாது. சோடா ஆஷ் போட்டாத்தான் கால்சியம் சுண்ணாம்புக்கல் மாதிரி படிஞ்சு அடியில உக்காரும்."

"மெக்னீசியத்தைச் சுண்ணாம்பு எடுக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கே?"

எந்தப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை. யாரோ அவருக்கு ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டியிருந்தார்கள். மறுபக்கத்தைக் காட்டவில்லை.

"எடுக்கும், ஐயா. மெக்னீசியம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும். அதே நாற்காலியில சுண்ணாம்போட கால்சியம் உக்காந்துக்கும். கடினம் ஒரு துளிகூடக் குறையாது. உங்க அலுவலகத்துல ஒரு அதிகாரி போய் இன்னொரு அதிகாரி வந்தா என்ன குறையுது?"

அவர் சிரிக்கவில்லை. உதாரணத்தை நான் வேறு எங்காவது தேடியிருக்க வேண்டும்.

"அதுக்கு மேல சுண்ணாம்பு போட்டா," என்று நான் விடாமல் சொன்னேன், "மிச்சம் அப்படியே தண்ணியில கரைஞ்சு நிக்கும். அதுவே புதுக் கடினம்."

"சூனியிகா, ஐந்து லட்சமாவது சர்க்கரை மூட்டைக்கு இன்னும் நாலு வாரம். துணையமைச்சர் வர்றார். உனக்கு நாட்டுப்பற்று குறைவு."

கடினத்துக்கு அளவு இருக்கிறது. நாட்டுப்பற்றுக்கு அளவு கிடையாது. அதனால் வாதம் அங்கேயே முடிந்தது.

பாய்லர் தலைவர் போன்சியானோ ருபால்காவா என் கொம்பாத்ரே. அதாவது என் மகளுக்கு ஞானத்தகப்பன். ரத்த உறவைவிட அது ஒரு படி மேல், ஏனென்றால் இதை நாமே தேர்ந்தெடுக்கிறோம், பழியும் நம்முடையது. பெரிய உடம்பு. வாய் அதைவிடப் பெரியது. மூன்று ஷிஃப்டிலும் சேர்த்துப் பதினோரு பேர் அவன் பொறுப்பில் இரண்டாம் நம்பர் பாய்லர் முன்னால் நின்று சக்கையைத் தள்ளுகிறார்கள். அவன் இரண்டாவது மகனும் அதில் ஒருவன்.

பத்தாம் நாள் அவன் என் ஆய்வறைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. கழற்றாவிட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"கொம்பாத்ரே, வா. ஒண்ணு காட்டணும்."

இரண்டாம் நம்பர் பாய்லரின் பார்வைத் துளையைத் திறந்தான். உள்ளே தீ. கீழ்வரிசைக் குழாய்கள் கறுப்பாகத் தெரிந்தன. நான்காவது குழாயில் மட்டும் கையளவு இடம் மங்கலான சிவப்பாக இருந்தது. லேசாகப் புடைத்தும் இருந்தது, கன்னத்தில் புகையிலை அடக்கியவன் மாதிரி.

"உள்ள பொருக்கு கட்டிடுச்சு," என்றேன். "தண்ணி இரும்பைத் தொடல. இரும்பு தீயைத் தொடுது."

"அதான் எனக்குத் தெரியுமே. எத்தனை நாள் தாங்கும்னு சொல்லு."

"தெரியாது."

"இருபத்திரண்டு வருஷமா தண்ணியைப் பாத்துக்கிட்டு இருக்கே. தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இல்ல?"

"உனக்கு இருபத்தஞ்சு வருஷம். நீ சொல்லேன்."

 இருவரும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழாய் கிழிந்தால் ஆவியும் தீயும் சேர்ந்து கதவு வழியாக வெளியே வரும். கதவுக்கு முன்னால்தான் பையன்கள் நிற்பார்கள். 

இரண்டு நாள் நிறுத்திக் குழாய்களைச் சுரண்ட அனுமதி கேட்டோம். லிசென்சியாதோ மூன்று வரியில் மறுத்து, நான்காவது வரியில் எங்கள் தியாக உணர்வைப் பாராட்டினார்.

சோடா வந்த பாடில்லை. ரயில் பெட்டி எங்கோ ஒரு பக்கப் பாதையில் நிற்கிறது என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு நூறு கனமீட்டர் புது நீருக்கு எனக்கு அறுபத்து நாலு கிலோ சோடா வேண்டும். அவ்வளவுதான். அறுபத்து நாலு கிலோவுக்காகப் பதினோரு பேர் சாகப் போகிறார்கள் என்று தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். தாடையில் இரண்டு வெட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பீன்ஸ் வாங்கப் போனேன். தோன்யா பிலோமெனா என்ற கிழங்கு வியாபாரி கூடைப் பக்கத்தில் சாம்பல் நிறக் கட்டிகளைக் குவித்து வைத்திருந்தாள். தெக்கெஸ்கித்தே. வற்றிய ஏரியின் படுகையில் கோடையில் பூக்கிற பொருக்கு. எங்கள் வீடுகளில் பீன்ஸ் வேகவும் ஆவியில் வேகும் தாமாலே மாவு உப்பவும் ஒரு சிட்டிகை போடுவார்கள். நான் நாற்பத்தெட்டு வருஷமாகத் தின்கிறேன். அது என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. அதன் பின்னால் சோப்பு.

சோடா.

"தோன்யா, இது எவ்வளவு இருக்கு?"

"எவ்வளவு வேணும்? ஒரு கை அள்ளிக்கோ."

"ஒரு நாளைக்கு இருநூறு கிலோ."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன் பொண்டாட்டி எத்தனை பேருக்கு பீன்ஸ் ஆக்குறா?"

ஆய்வறையில் கரைத்துப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு நமக்கு வேண்டிய கார்பனேட், பாதிக்கு மேல் சாதா உப்பு, மிச்சம் சேறு. அதில் ஒரு பகுதி பைகார்பனேட்டாக இருந்தது. அது சுண்ணாம்பைத் தின்றுதான் சோடாவாகும். பாவம், லிசென்சியாதோவின் கூடுதல் சுண்ணாம்புக்கும் ஒருவழியாக ஒரு வேலை கிடைத்தது.

தோன்யாவின் மைத்துனர் கழுதைகளில் ஏரியிலிருந்து மூட்டைகள் கொண்டுவந்தார். பழைய மொலாசஸ் தொட்டியில் வெந்நீர் ஊற்றிக் கரைத்தோம். சேறு படிந்ததும் தெளிந்ததை மட்டும் இறுத்துச் சுண்ணாம்புப் பாலோடு கலக்கும் தொட்டிக்கு விட்டேன். கழிவு ஆவியால் சூடாக்கியதும் வெள்ளைத் துணுக்குகள் பனிபோல் கீழே இறங்கின. மேலே இருந்த நீரைச் சீசாவில் எடுத்து, சோப்புக் கரைசல் சில துளி விட்டுக் குலுக்கினேன். நுரை நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் நின்றது.

போன்சியானோ அந்த நுரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். "மேலாளர்கிட்ட சொல்லாதே."

"ஏன்?"

"சொன்னா நிறுத்திடுவான். சமையல் சாமானைப் போட்டு பாய்லர் ஓட்டுறோம்னு தெரிஞ்சா துணையமைச்சர் முன்னால அவன் மூக்கு என்ன ஆகும்? அவனுக்குத் தெரிஞ்சது மூக்கு ஒண்ணுதான்."

சொல்லவில்லை. தினக்குறிப்பில் 'சுண்ணாம்பு, இரட்டை' என்றே எழுதினேன். பொய்யில்லை, பாதி உண்மை. அலுவலகத்தில் எல்லோரும் எழுதுவது அதுதான்.

தெக்கெஸ்கித்தேயில் இருந்த உப்பு முழுக்க பாய்லருக்குள் போனது. உப்பு கூடினால் நீர் நுரைத்துப் பொங்கும், மட்டக் கண்ணாடியில் நீர் குதியாட்டம் போடும், எங்கே மட்டம் என்று சொல்ல முடியாது. அதனால் அரை மணிக்கொரு தடவை போன்சியானோ அடிவால்வைத் திறந்து கொஞ்சம் நீரை வெளியே தள்ளினான். அந்தச் சிவப்புக் குழாய்ப் பக்கம் தீயைக் குறைத்தான். பழைய பொருக்கு கரையவில்லை. ஆனால் புதிதாக ஏறவில்லை. புடைப்பு வளரவில்லை. பதினாறு நாள் நாங்கள் சரியாகத் தூங்கவில்லை. அவன் மகனை மட்டும் எப்படியாவது வேறு வேலைக்கு மாற்றச் சொன்னேன்.

"மத்த பத்துப் பேரோட அப்பன்கள்கிட்ட நான் என்ன சொல்றது?" என்றான். 

எங்கள் வெற்றியின் விஷத்தை நாங்கள் பார்க்கவில்லை. பாய்லர் ஓடியது. சோடா இல்லாமல் ஓடியது. லிசென்சியாதோ இதிலிருந்து அறிய வேண்டியதை அறிந்துகொண்டார்: இரட்டைச் சுண்ணாம்புத் திட்டம் மகத்தானது.

விழா சனிக்கிழமை. மூட்டை வரும் ஓடுபட்டைக்குப் பக்கத்தில் பந்தல், காகிதப் பூ, பித்தளை வாத்தியம். நாலு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாவது மூட்டை ஓடிக்கொண்டிருந்தபோது துணையமைச்சர் வந்து சேர்ந்தார். வெயிலில் வாடிய நல்ல மனிதர். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். லிசென்சியாதோ பேச எழுந்தார்.

"ஐயா, இந்த ஆலை ஒரு கிராம் சோடா இல்லாம இருபத்தாறு நாள் ஓடியிருக்கு! இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடப்போற சுற்றறிக்கையால நம்ம கூட்டமைப்போட மத்த மூணு ஆலையிலயும் சோடா நிக்கும். வெளிநாட்டுக் கொள்முதல் பட்டியல்லேர்ந்தே அடிச்சுடறோம்!"

 மற்ற மூன்று ஆலையும் அதே மலையடிவாரம், அதே நீர். அங்கே தோன்யா பிலோமெனா இல்லை. அங்கே இரட்டைச் சுண்ணாம்பு மட்டும்தான் இருக்கும்.

ஆய்வறைக்கு ஓடி இரண்டு சீசா எடுத்துவந்தேன். ஒன்றில் சுண்ணாம்பு மட்டும் போட்ட நீர், மற்றதில் எங்கள் நீர். காவலாளி தடுப்பதற்குள் மேடையில் ஏறினேன். என் வாழ்நாளில் நான் ஏறிய ஒரே மேடை.

"ஐயா, பாருங்க." குலுக்கினேன். ஒன்றில் நுரை. ஒன்றில் திரிந்த பால். "பாய்லர் ஓடினது சுண்ணாம்பால இல்ல. பன்னெண்டு நாளா தெக்கெஸ்கித்தே போடறோம். அதுல சோடா இருக்கு."

துணையமைச்சர் சீசாவை உற்றுப் பார்த்தார். "தாமாலேவுக்குப் போடற தெக்கெஸ்கித்தேயா?"

"அதேதான், ஐயா."

"எங்க அம்மா கொஞ்சம் அதிகமாப் போடுவாங்க," என்றார், உண்மையான பாசத்தோடு. கையில் பேனா அப்படியே இருந்தது.

லிசென்சியாதோவின் முகம் இரண்டு சீசாவிலும் இல்லாத ஒரு நிறத்துக்கு மாறியது. "இது நாசவேலை! பாய்லரைச் சமையலறை ஆக்கியிருக்கான்! இந்த நிமிஷமே அந்தக் குப்பையை நிறுத்து. சுண்ணாம்பு மட்டும். இரட்டை. துணையமைச்சர் கண் முன்னால ஓட்டிக் காட்டறேன்!"

எழுபது மூட்டைதான் பாக்கி. இரண்டே மணி நேரம். எதுவும் ஆகியிருக்காது. பதினாறு நாள் தாங்கிய குழாய் இரண்டு மணி நேரம் தாங்கும். அவர் வெல்வார், பேனா இறங்கும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் சீசாக்களோடு நின்றேன், திருவிழாவில் பலூன் விற்பவன் மாதிரி.

அப்போது பாய்லர் ஆவியால் எரியும் விளக்குகள் மங்கின. ஓடுபட்டை இழுத்து இழுத்து நகர்ந்தது. பிறகு நின்றது. ஒரு மூட்டை பாதி வளைவில் சாய்ந்து நின்றது. பித்தளை வாத்தியக்காரர்கள் இதைச் சைகை என்று நினைத்துத் தேசியகீதத்தைத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரும் எழுந்து நெஞ்சில் கை வைக்க வேண்டியதாயிற்று. லிசென்சியாதோவும் கத்த முடியாமல் கை வைத்து நின்றார். முழுக் கீதமும் வாசித்தார்கள்.

பாய்லர் கூடத்திலிருந்து போன்சியானோ வந்தான். முழங்கை வரை சாம்பல். கையில் தணலை வாரி இழுக்கும் நீண்ட தீவாரி.

"ரெண்டாம் நம்பர் தீயை இழுத்துட்டேன்," என்றான். "சக்கைக் கதவைப் பூட்டிட்டேன். பையன்களை வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"யார் உத்தரவு?"

"என் உத்தரவு, லிசென்சியாதோ. சுண்ணாம்பு மட்டும்னு சொன்னீங்களாமே, பையன் ஓடிவந்து சொன்னான். சுண்ணாம்பு மட்டும்னா எனக்கு பாய்லர் வேண்டாம்."

"உன்னை உள்ள தள்ளுவேன்!"

"தள்ளுங்க. அங்கயாவது கதவு குளுமையா இருக்கும்."

எங்கள் இருவருக்கும் அங்கேயே வேலை போயிற்று. ஆனால் குழாயைச் சுரண்ட வேறு யாரும் பாய்லருக்குள் இறங்க மாட்டேன் என்றதால், திங்கட்கிழமை காலைவரை போன்சியானோவின் வேலை நீக்கம் தள்ளிவைக்கப்பட்டது. பாய்லர் ஆறியதும் உள்ளே போய் நான்காவது குழாயை ஒரு முழம் அறுத்து எடுத்து வந்தான். உள்ளே வெள்ளைப் பொருக்கு, கல் மாதிரி. புடைத்த இடத்தில் இரும்பு காகிதம்போல் மெலிந்திருந்தது. அவன் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டான். அவன் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். சத்தமே வரவில்லை.

துணையமைச்சர் கையெழுத்துப் போடவில்லை. விஷயத்தை ஆராய ஒரு குழு அமைத்தார். தலைவர் லிசென்சியாதோ. அதையாவது ஒரு வெற்றி என்று நினைத்து, திங்கட்கிழமை காலை குழாயோடு அலுவலகத்துக்குப் போனோம். தட்டச்சு செய்யும் ஒபேலியா எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"தோன் எவாரிஸ்தோ, கையெழுத்து சும்மா போட்டோவுக்குத்தான். சோடாவை நிறுத்தச் சொல்லித் தந்தி அப்பவே போயிடுச்சு. மூணு ஆலைக்கும். நான்தான் அடிச்சேன்."

"எப்போ?"

"போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்."

பதிமூன்று நாள். எங்கள் குழாய் பத்தாம் நாள் சிவந்தது.

தொலைபேசியை லிசென்சியாதோ பூட்டிவைத்திருந்தார், செலவைக் குறைக்க. தந்தி அலுவலகத்தில் ஆலை முத்திரை இல்லாமல் ஆலைகளுக்கு அனுப்ப முடியாது என்றார்கள். பத்தரை மணிப் பேருந்தில் ஏறினோம். குழாய்த் துண்டைக் கோணியில் சுற்றி மடியில் வைத்திருந்தான் போன்சியானோ. பக்கத்தில் கோழிக் கூடை வைத்திருந்த பெண் அது என்ன என்று கேட்டாள்.

"எங்க மேலாளரோட மூளை," என்றான். "வெளிய பளபளப்பு. உள்ள பாரு."

அவள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

எல் கர்ரிசால் ஆலைதான் முதல் நிறுத்தம். இரண்டு மணி ஆகிவிட்டது. பாய்லர் கூடத்தில் ஒரு மீசைக்காரர் சக்கைக் குவியலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் அங்கே பாய்லர் தலைவர். அவருக்குப் பின்னால் சுவரில் தந்தி ஆணியில் தொங்கியது. நான்கு பையன்கள் கதவு முன்னால் சக்கை தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"சோடா தீர்ந்துடுச்சா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தீரலையே. நாற்பது மூட்டை இருந்துச்சு. தந்தி வந்ததும் ஸ்டோர்ல திருப்பிக் கட்டிட்டோம். உத்தரவுன்னா உத்தரவு." ஒரு கவளம் விழுங்கினார். "நீங்க யாரு?"

போன்சியானோ நேராகப் பார்வைத் துளைக்குப் போய்க் குனிந்தான். திரும்பியபோது அவன் தொப்பி கையில் இருந்தது. பிணத்தின் முன்னால் கழற்றுவதுபோலக் கழற்றியிருந்தான்.

"ரெண்டு குழாய்," என்றான்.

பிறகு பையன்களைப் பார்த்துக் கத்தினான்: "தள்ளுறதை நிறுத்துங்கடா! வெளிய போங்க! எல்லாரும் வெளிய!"

அவர்கள் அசையவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் கத்தினால் யார் அசைவார்கள்? அவர்கள் மீசைக்காரரைப் பார்த்தார்கள். மீசைக்காரர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"இது யாரோட பாய்லர்னு நினைச்சே? காவலாளியைக் கூப்பிடுடா!"

போன்சியானோ சுவரிலிருந்த தீவாரியை எடுத்தான். தனக்குச் சொந்தமில்லாத பாய்லரின் கதவை உதைத்துத் திறந்தான். குனிந்து தீயை வெளியே இழுக்கத் தொடங்கினான். சிவந்த சக்கை அவன் காலைச் சுற்றிக் கொட்டியது. மீசைக்காரர் அவன் தோளைப் பிடித்தார். நான் கோணியைப் பிரித்துக் குழாயை அந்த மனிதரின் முகத்துக்கு நேராக நீட்டி, "உள்ள பாருங்க, உள்ள பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் பார்த்தார். கை தோளிலிருந்து நழுவியது.

"எங்க குழாய்ல பொருக்கு எவ்வளவு இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அப்புறம் சொல்றேன். பையன்களை வெளிய அனுப்புங்க. ஸ்டோர் சாவி யார்கிட்ட?"

"அவன் சாப்பிடப் போயிருக்கான். வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம்."

பையன்கள் இப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தார்கள், ஓடவில்லை, நடந்தார்கள். போன்சியானோ இன்னும் கதவுக்கு நேர் எதிரேதான் நின்றான். பாதித் தீ உள்ளேயே இருந்தது. "கொம்பாத்ரே, தள்ளி நில்லு!" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டிருக்கும். தீவாரியை மறுபடி உள்ளே விட்டான்.

மீசைக்காரர் இன்னொரு தீவாரியைத் தேடி ஓடினார். இன்னும் இரண்டு ஆலை பாக்கி. அடுத்த பேருந்து நான்கு மணிக்கு.